14-ஆம் எண் இருக்கை யாருக்கு?

பொங்கலுக்கு முந்தைய வாரம். கிளாம்பாக்கத்திலிருந்து இரவில் நாகர்கோவிலுக்குப் புறப்படும் ஒரு தனியார் பேருந்தில் ஜன்னலோர இருக்கை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் எண் 14. தாம்பரத்தில் ஓர் ஆசிரியை தன் கைபேசியில் அதைத் தொடுகிறார். அதே நொடியில் கிண்டியில் ஒரு விடுதி அறையிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவரும் தொடுகிறார். இருவர் திரையிலும் அந்தக் கட்டம் பச்சையாகவே இருக்கிறது. இருவரும் பணம் கட்டுகிறார்கள், இருவருக்கும் "முன்பதிவு உறுதி" என்று குறுஞ்செய்தி வருகிறது. அன்றிரவு பேருந்துக்குள் வாக்குவாதம் நடக்கும்போது நடத்துநரால் என்ன செய்ய முடியும்? தவறு நடந்தது அவர் கையில் இருக்கும் பட்டியலில் இல்லை. அதற்குப் பல மணி நேரம் முன்பே, கண் இமைப்பதற்கும் குறைவான ஓர் இடைவெளியில் அது நடந்து முடிந்துவிட்டது.

இது விளக்கத்துக்காகச் சொன்ன கதை. ஆனால் முன்பதிவு மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான கதை. பேருந்து, திரையரங்கு, திருமண மண்டபம், மருத்துவரைப் பார்க்கும் நேரம் என்று எண்ணி விற்கிற எதிலும் இது நடக்கலாம்.

அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பேருந்து நிறுவனத்தின் டேட்டாபேஸில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பயணத்தின் ஒவ்வொரு இருக்கைக்கும் அதில் ஒரு வரி. 36 இருக்கை என்றால் 36 வரிகள். அவசரத்தில் எழுதப்பட்ட மென்பொருள் இரண்டு வேலை செய்கிறது. முதலில் 14-ஆம் வரியைப் படித்து, இருக்கை காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் அந்த வரியில் பயணியின் பெயரை எழுதுகிறது. பார்ப்பது ஒரு செயல், எழுதுவது இன்னொரு செயல். நடுவில் சில மில்லி நொடிகள் ஓடிவிடுகின்றன.

ஆசிரியையின் கோரிக்கை வந்து சேர்ந்த நேரத்தைச் சுழியம் என்று கொள்வோம். அப்போது அது வரியைப் படிக்கிறது: காலி. மூன்றாவது மில்லி நொடியில் மாணவரின் கோரிக்கை படிக்கிறது: இன்னும் காலிதான். எட்டாவது மில்லி நொடியில் ஆசிரியையின் பெயர் எழுதப்படுகிறது. பதினோராவதில் மாணவரின் பெயர் அதன் மேலேயே எழுதப்படுகிறது. மாணவரின் கோரிக்கை பொய் எதுவும் சொல்லவில்லை. அது பார்த்தபோது இருக்கை உண்மையிலேயே காலியாக இருந்தது. எழுதும் நேரத்தில் அந்தத் தகவல் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது அட்டவணையில் மாணவரின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆசிரியையிடம் இருப்பது ஒரு குறுஞ்செய்தி.

இந்தப் பிழை சோதனையில் சிக்குவதில்லை என்பதுதான் இதன் கொடுமை. எழுதியவர் தன் கணினியில் தனியாக உட்கார்ந்து முன்பதிவு செய்து பார்க்கிறார். சரியாக வேலை செய்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமையில், ஒரே இருக்கையை இருவர் பத்து மில்லி நொடிக்குள் தொடுவது அபூர்வம். பண்டிகைக்கால முன்பதிவு திறக்கும் காலையில், ஆயிரக்கணக்கானோர் முதல் நிமிடத்திலேயே ஜன்னலோர இருக்கைகளைத் தேடி வரும்போது அது அபூர்வமாக இருக்காது. மென்பொருள் மிகவும் தேவைப்படும் நாளில்தான் பிழை தலைகாட்டும்.

காகித நாட்களில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? இந்திய ரயில்வேயில் கணினி முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் தொடங்கியது. அதற்கு முன்பு ரயில் வாரியாக, தேதி வாரியாகப் பெரிய பதிவேடுகள் இருந்தன. குறிப்பிட்ட ரயிலின் பதிவேடு ஒரு எழுத்தரின் மேசையில் இருக்கும். அவர் அதைப் பார்த்து, எழுதி, மூடும் வரை இன்னொருவர் அதே பக்கத்தில் எழுத வழியே இல்லை. பதிவேடு ஒரு கையில் இருந்ததுதான் பாதுகாப்பு. அதற்கு விலையும் இருந்தது: 14-ஆம் இருக்கைக்காக ஒருவர் நின்றால், அதே ரயிலில் 30-ஆம் இருக்கை வேண்டியவரும் அவர் பின்னால் நிற்க வேண்டும். கணினிக்குத் தேவைப்பட்டது, முழுப் பதிவேட்டையும் பிடித்துவைக்காமல் அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பிடித்துவைக்கும் வழி.

அந்த வழிக்கான அடித்தளத்தை 1970-களில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் போட்டார்கள். கபாலி ஈஸ்வரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் ட்ரெய்கர் ஆகிய நால்வரும் 1976-இல் வெளியிட்ட கட்டுரை, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் தரவு குழம்பாமல் இருக்கப் பூட்டுகளை எந்த ஒழுங்கில் போட்டு எந்த ஒழுங்கில் விட வேண்டும் என்பதை நிறுவியது. பூட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், முழு அட்டவணைக்கா, ஒரு வரிக்கா என்ற கேள்வியையும் அதே ஆண்டில் கிரேயும் அவருடைய தோழர்களும் இன்னொரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் துறையில் செய்த பணிகளுக்காக ஜிம் கிரேவுக்கு 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

அந்தப் பூட்டு இன்று ஒரு புரோகிராமரின் கையில் இரண்டு சொற்களாக இருக்கிறது. வழக்கமான தேடல் கட்டளையின் முடிவில் `FOR UPDATE` என்று சேர்த்தால் போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அது இப்படி இருக்கும்:

```sql
BEGIN;
SELECT status FROM trip_seats
 WHERE trip_id = 501 AND seat_no = 14
   FOR UPDATE;
```

"இந்த வரியைக் காட்டு. காட்டும்போதே எனக்காகப் பிடித்துவை, நான் இதை மாற்றப் போகிறேன்" என்பதுதான் இதன் பொருள். `BEGIN` ஒரு பரிவர்த்தனையைத் தொடங்குகிறது. அது `COMMIT` என்று முடியும் வரை, அல்லது `ROLLBACK` என்று கைவிடப்படும் வரை, அந்த வரி பூட்டிலேயே இருக்கும்.

இப்போது பழைய காட்சியை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஆசிரியையின் கோரிக்கை 14-ஆம் வரியைப் பூட்டுடன் படிக்கிறது. மூன்றாவது மில்லி நொடியில் மாணவரின் கோரிக்கை அதே வரியைப் பூட்டுடன் கேட்கிறது. பதில் வருவதில்லை. பிழையும் வருவதில்லை. அந்தக் கட்டளை அப்படியே காத்து நிற்கிறது. எட்டாவது மில்லி நொடியில் ஆசிரியையின் பெயர் எழுதப்பட்டு `COMMIT` ஆகிறது, பூட்டு விலகுகிறது. அந்தக் கணமே மாணவரின் கட்டளை விழித்துக்கொள்கிறது. அதற்குக் கிடைப்பது மூன்றாவது மில்லி நொடியின் பழைய படம் அல்ல. போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில், ஆசிரியை எழுதி முடித்த புதிய வரியே அதன் கையில் வருகிறது. அதில் `status` இப்போது காலி இல்லை. மாணவரின் திரையில் "இந்த இருக்கையை வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று வரும். அவருக்கு வருத்தம்தான், ஆனால் பணம் போகவில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். பூட்டு மட்டும் போட்டால் போதாது. பூட்டுக் கிடைத்த பிறகு வந்த பதிலைப் படித்து முடிவெடுக்க வேண்டும். சில மென்பொருள்களில், இருக்கை வரைபடம் காட்டும்போதே காலி என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு `FOR UPDATE` போட்டுவிட்டு, முன்பு குறித்ததை நம்பி எழுதுகிறார்கள். மாணவரின் கோரிக்கை ஒழுங்காகக் காத்திருந்து, பூட்டை வாங்கி, ஆசிரியையின் பெயரை ஒழுங்காக அழித்துவிடும். பூட்டு இருந்தும் பயன் இல்லை.

வரிப் பூட்டின் அருமை, அது யாரைத் தடுப்பதில்லை என்பதில் தெரியும். 15-ஆம் இருக்கையை வாங்குகிறவர் காத்திருப்பதில்லை, ஏனென்றால் அது வேறு வரி. இருக்கை வரைபடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் சாதாரண `SELECT` இந்தப் பூட்டைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் ஒரு பள்ளம் உண்டு. தேடும் நிபந்தனைக்கு ஏற்ற இண்டெக்ஸ் இல்லாவிட்டால், அதன் இன்னோடிபி எந்திரம் அட்டவணை முழுவதையும் வரி வரியாகத் துழாவும். இயல்பான அமைப்பில், துழாவிய வரிகளையெல்லாம் பூட்டிக்கொண்டே போகும். ஒரு இருக்கையைப் பூட்டுவதாக நினைத்தவர் மொத்தப் பேருந்தையும், மற்றப் பேருந்துகளையும் சேர்த்துப் பூட்டியிருப்பார். கூட்ட நாளில் எல்லாப் பயணங்களின் முன்பதிவும் ஒன்றாக நின்றுபோனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நடுவில் மின்சாரம் போனால்? பூட்டை வைத்திருந்த கோரிக்கை செத்துவிட்டால் 14-ஆம் இருக்கை யாருக்கும் இல்லாமல் பூட்டியே கிடக்குமா? கிடக்காது. இணைப்பு அறுந்தது தெரிந்ததும் டேட்டாபேஸ் அந்தப் பரிவர்த்தனையைக் கைவிட்டு, பூட்டை விட்டுவிடும். பாதி எழுதியதும் செல்லாமல் போகும். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் பெரிய சிக்கல் இருந்தது. ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகளைப் பலர் திருத்திக்கொண்டிருக்கும்போது கணினி நின்றுவிட்டால், முடிந்தவர்களின் வரிகளைக் காப்பாற்றி, முடியாதவர்களின் வரிகளை மட்டும் பழையபடி ஆக்க வேண்டும். வரி அளவு நுண்ணிய பூட்டுகளோடு இதைச் செய்யும் ஏரீஸ் என்ற முறையை 1992-இல் விரிவாக வெளியிட்ட ஐபிஎம் குழுவுக்குத் தலைமை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். பின்னாளில் பல டேட்டாபேஸ்கள் இந்தக் கருத்துகளை எடுத்துக்கொண்டன.

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நிஜ முன்பதிவில் தலைவலி அங்கேதான் இருக்கிறது. ஆசிரியை இருக்கையைத் தொட்ட பிறகு யுபிஐ செயலியைத் திறக்க வேண்டும், பின் எண் போட வேண்டும், வங்கி பதில் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். அவ்வளவு நேரமும் பூட்டைப் பிடித்துவைத்தால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் டேட்டாபேஸுடன் ஒரு திறந்த இணைப்பு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் இணைப்புகள் 100. பணம் கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு யுபிஐ-க்காகக் காத்திருந்தால், நூறு பேரோடு கடை மூடிவிடும். நூற்றியோராவது ஆளால் இருக்கை வரைபடத்தைக்கூடப் பார்க்க முடியாது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் பரிவர்த்தனை இருக்கையைப் பூட்டிப் பார்க்கிறது. காலி என்றால் விற்றதாக எழுதுவதில்லை, இன்னாருக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கியதாக எழுதுகிறது:

```sql
UPDATE trip_seats
   SET status = 'held', held_by = 7001,
       held_until = now() + interval '10 minutes'
 WHERE trip_id = 501 AND seat_no = 14;
COMMIT;
```

பூட்டு சில மில்லி நொடிகளில் விலகிவிட்டது. இனி இருக்கையைக் காப்பது பூட்டு அல்ல, வரியில் எழுதப்பட்ட அந்தக் குறிப்பு. அடுத்து வருகிறவர் வரியைப் பூட்டிப் படிக்கும்போது, இது ஒதுக்கப்பட்டிருக்கிறது, கெடு இன்னும் முடியவில்லை என்று கண்டு விலகிக்கொள்வார். கெடு தாண்டியிருந்தால் காலி என்றே கொள்வார். வங்கியிலிருந்து பணம் வந்த செய்தி கிடைத்ததும் இரண்டாவது பரிவர்த்தனை அதே வரியை மறுபடி பூட்டி, ஒதுக்கீடு இன்னும் ஆசிரியையின் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்த்து, `sold` என்று எழுதும்.

"மறுபடி பூட்டி, மறுபடி பார்த்து" என்பதை வெட்டிவிடத் தோன்றும். அங்கேதான் ஆசிரியைக்கு மீண்டும் அநியாயம் நடக்கலாம். அவர் வங்கி பதினோரு நிமிடம் கழித்துப் பதில் சொல்கிறது என்று கொள்வோம். பத்தாவது நிமிடத்தில் ஒதுக்கீடு காலாவதியாகி, மாணவர் இருக்கையை எடுத்துவிட்டார். இரண்டாவது பார்வை இல்லாத மென்பொருள், பணம் வந்ததே என்று ஆசிரியையின் பெயரை எழுதிவிடும். மறுபடியும் ஒரே இருக்கைக்கு இரண்டு சீட்டு. இரண்டாவது பார்வை இருந்தால், மென்பொருள் பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கும். பணம் கட்டும் சேவைகள் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்புவதும் உண்டு. இரண்டாவது செய்தி வரும்போது வரியில் ஏற்கெனவே அதே பயணியின் பெயரில் `sold` இருக்கும், அதைப் பேசாமல் ஒதுக்கிவிடலாம்.

குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறார்கள். ஒரு குடும்பம் 11, 12 என்ற வரிசையில் இருக்கைகளைத் தொடுகிறது. இன்னொரு குடும்பம் 12, 11 என்று தொடுகிறது. முதல் கோரிக்கை 11-ஐப் பூட்டிவிட்டு 12-க்குக் காத்திருக்கிறது. இரண்டாவது 12-ஐப் பூட்டிவிட்டு 11-க்குக் காத்திருக்கிறது. இருவரும் விடமாட்டார்கள், இருவரும் நகரமாட்டார்கள். போஸ்ட்கிரெஸ் ஒரு நொடி காத்திருப்புக்குப் பிறகு இந்தச் சுழற்சியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருவரை வெளியேற்றும். அவருக்குக் கிடைக்கும் செய்தி `deadlock detected`. தீர்வு வியக்கத்தக்க அளவு எளிது: யார் எந்த வரிசையில் தொட்டாலும், பூட்டும்போது எல்லாரும் ஒரே வரிசையில் பூட்ட வேண்டும்.

```sql
SELECT seat_no, status FROM trip_seats
 WHERE trip_id = 501 AND seat_no IN (12, 11)
 ORDER BY seat_no
   FOR UPDATE;
```

இப்போது இரண்டு குடும்பங்களும் 11-க்குத்தான் முதலில் போகும். ஒருவர் பெறுவார், மற்றவர் அங்கேயே காத்திருப்பார். 12-இல் முட்டிக்கொள்ள வாய்ப்பில்லை.

எந்த இருக்கையானாலும் பரவாயில்லை, ஊர் போனால் போதும் என்கிறவர்களுக்கு `SKIP LOCKED` என்ற சேர்க்கை உண்டு. போஸ்ட்கிரெஸில் 2016 முதலும், மைஎஸ்க்யூஎல்லில் 2018-இல் வந்த 8.0 முதலும் கிடைக்கிறது. அடுத்தவர் பூட்டிய வரிகளைத் தாண்டி, கைக்கு எட்டும் முதல் காலி இருக்கையை இது எடுத்துத் தரும்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே கணினியில் இரண்டு `psql` சாளரங்களைத் திறந்து, முதலாவதில் `BEGIN` போட்டு 14-ஆம் வரியை `FOR UPDATE` கொண்டு படித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவதிலும் அதையே செய்தால், அது பதில் இல்லாமல் நிற்பதைக் கண்ணால் காணலாம். முதலாவதில் நிலையை மாற்றி `COMMIT` அடித்ததும் இரண்டாவதில் புதிய நிலை வந்து விழும். வராமல் பழைய நிலையே வந்தால் எங்கோ `FOR UPDATE` விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு செய்த பிறகும் `FOR UPDATE` காப்பாற்ற முடியாத ஓர் இடம் உண்டு. அது ரயிலில் தெளிவாகத் தெரியும். சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் ஒரே படுக்கையை எழும்பூர் முதல் திருச்சி வரை ஒருவருக்கும், திருச்சி முதல் மதுரை வரை இன்னொருவருக்கும் விற்கலாம். ஆகவே படுக்கை காலியா என்பதை ஒற்றைச் சொல்லில் எழுதிவைக்க முடியாது. அந்தப் படுக்கைக்கான முன்பதிவுகளைத் தேடி, கேட்கும் தூரத்தோடு எதுவும் மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை என்றால் தேடலில் ஒரு வரியும் கிடைக்காது. வரி கிடைக்காத இடத்தில் `FOR UPDATE` எதையும் பூட்டாது. இருவர் ஒரே நேரத்தில் தேடி, இருவரும் ஒன்றும் இல்லை என்று கண்டு, ஆளுக்கொரு புதிய முன்பதிவு வரியைச் சேர்த்துவிடுவார்கள். இல்லாத வரியைப் போஸ்ட்கிரெஸால் பூட்ட முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, முன்பதிவுகளைத் தேடுவதற்கு முன்பே, அந்தத் தேதியில் அந்தப் படுக்கையைக் குறிக்கும் தாய் வரி ஒன்றைப் பூட்டுவது. அது எப்போதும் இருக்கும். இரண்டாவது, மோதலே நுழையாதபடி அட்டவணைக்கே விதி எழுதிவைப்பது. எழும்பூருக்கு 1, விழுப்புரத்துக்கு 2, திருச்சிக்கு 3, திண்டுக்கல்லுக்கு 4, மதுரைக்கு 5 என்று எண் கொடுத்தால், எழும்பூர்–திருச்சிப் பயணம் `[1,3)` என்ற வீச்சு. திருச்சி–மதுரை `[3,5)`. இரண்டும் மோதவில்லை. விழுப்புரம்–திண்டுக்கல் `[2,4)` இரண்டோடும் மோதும். `btree_gist` என்ற நீட்சியை நிறுவிய போஸ்ட்கிரெஸில் அந்த விதி இப்படி எழுதப்படும்:

```sql
EXCLUDE USING gist (
  berth_id WITH =,
  run_date WITH =,
  legs WITH &&
)
```

இருவரில் பிந்தியவரின் வரியை டேட்டாபேஸே மறுத்துவிடும், மென்பொருளில் எவ்வளவு ஓட்டை இருந்தாலும். பேருந்துக்கு இவ்வளவு வேண்டாம். முன்பதிவுகள் தனி அட்டவணையில் இருந்தால், செல்லுபடியாகும் முன்பதிவுகளில் பயண எண்ணும் இருக்கை எண்ணும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்ற `UNIQUE` விதி போதும். பூட்டுப் போட்டாயிற்றே, இந்த விதி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பூட்டு என்பது எல்லா நிரல்களும் ஒழுங்காகக் கேட்டால் மட்டும் வேலை செய்யும் ஏற்பாடு. அடுத்த ஆண்டு யாரோ எழுதும் முகவர்களுக்கான செயலியில் `FOR UPDATE` விடுபட்டால் இந்த விதி மட்டும்தான் மிஞ்சும். அப்போது வரும் பிழையின் எண் `23505`, ரயில் விதியானால் `23P01`. அந்த எண்ணைக் கண்டால் நிரல் "ஏதோ கோளாறு, பிறகு முயலவும்" என்று சொல்லிப் பயணியைத் தவிக்கவிடக் கூடாது. இருக்கை போய்விட்டது என்று சொல்லி, மிச்சமிருக்கும் இருக்கைகளைப் புதிதாகப் படித்துக் காட்ட வேண்டும்.